கட்டு, ஏடு, பக்கம், வரி: சுவடிக்கும் ஆவணத்துக்கும் அடிக்குறிப்பு எழுதும் முறை

நான் எழுதிய முதல் ஆய்வுக் கட்டுரையில் ஓர் அடிக்குறிப்பு இப்படி இருந்தது: “வைத்திய ஓலைச்சுவடி, கட்டு 412, ஏடு 12.” அது போதும் என்றுதான் அப்போது நினைத்தேன். இரண்டு ஆண்டு கழித்து இன்னோர் ஆய்வாளர் அந்த வரியை நேரில் பார்க்க விரும்பினார். போனவர் வெறுங்கையோடு திரும்பினார். ஏடு 12இல் நான் சொன்ன மருந்தே இல்லை என்றார். மறுபடி நானே போய்க் கட்டை அவிழ்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தக் கட்டில் பன்னிரண்டு என்று எண்ணிட்ட ஏடுகள் இரண்டு இருந்தன.

அச்சுப் புத்தகத்துக்கு ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பக்கம் போதும். ஒரு பிரதி கிடைக்காவிட்டால் இன்னொரு பிரதி கிடைக்கும். சுவடியும் ஆவணமும் அப்படியல்ல. உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கிறது, ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. அதனால் அதற்கு எழுதும் அடிக்குறிப்பு ஒரு முகவரி மாதிரி அமைய வேண்டும். படிப்பவர் அதை வைத்துக்கொண்டே நூலகத்தில் கோரிக்கைச் சீட்டை நிரப்ப முடிய வேண்டும். கட்டு வந்ததும் அதே ஏட்டின் அதே வரியில் விரலை வைக்க முடிய வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

பெரியதிலிருந்து சிறியதற்கு

முகவரியின் வரிசை இது: நிறுவனம், ஊர், தொகுப்பு, கட்டு அல்லது பெட்டி, கட்டுக்குள் எந்த நூல் அல்லது எந்தக் கோப்பு, பிறகு ஏடு, பக்கம், வரி. தமிழில் பெரியதிலிருந்து சிறியதற்குப் போவதுதான் இயல்பாக வரும். சில ஆங்கில நடைக் கையேடுகள், குறிப்பாகச் சிக்காகோ முறை, அடிக்குறிப்பில் இதைத் தலைகீழாக வைக்கின்றன. அங்கே தனி ஆவணம் முதலில் வரும், நிறுவனம் கடைசியில் வரும். உங்கள் இதழோ பல்கலைக்கழகமோ எதைக் கேட்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். வரிசை மாறினால் பாதகமில்லை. ஒரு படி விட்டுப்போனால்தான் சிக்கல்.

எந்தப் படி விட்டுப்போகிறது என்று கேட்டால், பெரும்பாலும் தொகுப்புதான். அல்லது தொகுப்பு மட்டும் இருக்கும், நிறுவனம் இருக்காது. “மெக்கன்சி தொகுப்பு” என்று மட்டும் எழுதிய அடிக்குறிப்புகளை நிறையப் பார்க்கிறேன். 1821இல் இறந்த நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி சேர்த்த சுவடிகளும் ஆவணங்களும் இன்று ஒரே இடத்தில் இல்லை. ஒரு பகுதி சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது, இன்னொரு பகுதி லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. தொகுப்பின் பெயர் மட்டும் இருந்தால் படிப்பவர் எந்த ஊருக்குப் போவது?

நிறுவனத்தின் பெயரை எழுதும்போது கட்டடத்தை அதற்குப் பதிலாக எழுதிவிடாதீர்கள். சுவடிகள் இடம் மாறும். அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமே சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக வளாகத்தில் பல காலம் இருந்துவிட்டு, கோட்டூர்புரத்துக்கு வந்தது. பெயரும் மாறும். எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் பழைய நூல்களில் மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ் என்று வரும். இரண்டும் ஒன்றே. நீங்கள் பார்த்த நாளில் என்ன பெயர் இருந்ததோ அதை முழுதாக எழுதுங்கள். பழைய நூல் ஒன்றிலிருந்து குறிப்பை எடுத்திருந்தால் பழைய பெயரையும் உடன் கொடுங்கள்.

கட்டை அவிழ்க்கும் முன்

அடிக்குறிப்பின் முதல் பாதி, சுவடியைப் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே எழுதி முடிந்திருக்க வேண்டும். கட்டு மேசைக்கு வந்ததும் கயிற்றில் கை வைக்காமல், மேலே உள்ள சீட்டை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மேல்சட்டத்தில் ஒட்டிய தாள், கயிற்றில் கட்டிய அட்டை, சுற்றியிருக்கும் துணியில் எழுதிய எண், எல்லாவற்றையும்தான். பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் இருக்கும். நூலகத்துக்கு வந்தபோது போட்ட பதிவு எண், விளக்க அட்டவணையில் உள்ள எண், பிற்பாடு மறுசீரமைப்பின்போது போட்ட புதிய எண், நுண்படச் சுருள் எண் என்று நான்கு வரை நானே பார்த்திருக்கிறேன். எது சரியான எண் என்று அங்கேயே யோசித்து நேரத்தைக் கழிக்க வேண்டாம். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். எந்த எண்ணைக் கோரிக்கைச் சீட்டில் எழுதினால் இந்தக் கட்டு வருகிறதோ, அதுதான் அடிக்குறிப்பில் முதலில் வர வேண்டிய எண். பழைய எண் அச்சான அட்டவணைகளில் இருப்பதால் அதை “பழைய எண்” என்று குறித்துச் சேர்த்துவிடலாம்.

எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தை ஒருபோதும் விடாதீர்கள். அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் D, R என்ற எழுத்துகள் எண்ணோடு சேர்ந்தவை. இரண்டும் தனித்தனி வரிசைகள், எனவே ஒரே எண் இரண்டிலும் இருக்க முடியும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் RE என்று தொடங்கினால் அது ஓலைச்சுவடி, T என்று தொடங்கினால் தாளில் எடுத்த படி. இந்த ஓர் எழுத்தில் மூலமும் படியும் மாறிப்போகும். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்கள் IOR/F/4 என்பது போலச் சாய்கோடுகளோடு வரும். அந்தச் சாய்கோடு, இடைவெளி, புள்ளி எதையும் உங்கள் விருப்பப்படி மாற்றாமல் அங்கே இருப்பதுபோலவே எழுதுங்கள். இவற்றைத் தமிழ் எழுத்தில் மாற்றவும் வேண்டாம். தேடுபவர் கணினியில் இதைத்தான் அப்படியே தட்டப்போகிறார்.

ஒரே கட்டில் மூன்று நூல்

என்னைத் தடுமாற வைத்த அந்தக் கட்டுக்கே வருகிறேன். நூலகத்தின் பெயரைச் சொல்லவில்லை, கட்டு எண்ணையும் மாற்றி 412 என்று வைத்திருக்கிறேன். மற்றபடி சிக்கல் இதுதான்.

அட்டவணையில் “நிகண்டு, 71 ஏடுகள்” என்று மட்டும் இருந்தது. அவிழ்த்துப் பார்த்தால், மேலே எழுத்தில்லாத ஏடு ஒன்று. அதன் கீழே நிகண்டு, ஏட்டு எண் 1 முதல் 43 வரை. நடுவில் 17ஆம் ஏடு இல்லை, எனவே உள்ளவை 42 ஏடுகள். அதற்குப் பிறகு வேறொரு கையெழுத்தில் ஒரு வைத்திய நூல், மறுபடி எண் 1இல் தொடங்கி 24 வரை. கடைசியில் எண் எதுவும் இல்லாத நான்கு ஏடுகளில் நெல் கணக்கு. ஒன்றும் நாற்பத்திரண்டும் இருபத்துநான்கும் நான்கும் சேர்ந்து 71. அட்டவணை எண்ணிக்கை சரிதான். நூல் மட்டும் ஒன்றல்ல, மூன்று.

ஒரு கட்டில் பல நூல்கள் இருப்பது அதிசயமில்லை. ஒரே அளவு ஏடுகளை ஒரு கயிற்றில் கோத்து வைப்பது வழக்கம். அட்டவணை எழுதியவர் முதல் நூலின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போவதும் உண்டு. அதனால் கட்டை ஒரு முறை முழுதும் புரட்டி, எங்கே நூல் மாறுகிறது என்று குறித்துக்கொள்வது இரண்டாவது வேலை. ஏட்டு எண் மறுபடி ஒன்றில் தொடங்குவது, கையெழுத்து மாறுவது, ஏட்டின் நீளமோ துளை இருக்கும் இடமோ மாறுவது, “முற்றும்” என்று வருவது, இவையெல்லாம் அடையாளம். பிறகு நூல் 1, நூல் 2, நூல் 3 என்று நீங்களே எண்ணிட்டு, ஒவ்வொன்றும் எந்த ஏட்டிலிருந்து எந்த ஏடு வரை என்று எழுதிவையுங்கள். நான் அன்று இதைச் செய்திருந்தால் அந்த ஆய்வாளர் நிகண்டின் பன்னிரண்டாம் ஏட்டில் மருந்தைத் தேடியிருக்க மாட்டார்.

ஏடுகள் வரிசை மாறிக் கோக்கப்பட்டிருந்தால் நீங்களாக மாற்றி அடுக்காதீர்கள். இருக்கும் நிலையையே குறிப்பில் எழுதி, பணியாளரிடம் சொல்லுங்கள். உங்களுக்கு முன் பார்த்தவர்களின் குறிப்புகள் அந்த வரிசையை நம்பி எழுதப்பட்டிருக்கலாம்.

ஏட்டு எண்: எழுதியதும் எண்ணியதும்

சுவடியில் ஏட்டு எண் பெரும்பாலும் இடப்பக்க ஓரத்தில் தமிழ் எண்களில் இருக்கும். புதிதாக வருபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். தமிழ் எண்கள் பலவும் எழுத்துகளைப் போலவே இருக்கும். ௧ என்பது க போல, ௨ என்பது உ போல, ௩ என்பது ங போல, ௭ என்பது எ போல, ௮ என்பது அ போல, ௰ என்பது ய போல. ஓரத்தில் “உயங” என்று ஒரு சொல் இருப்பதாகத் தோன்றினால், அது சொல் இல்லை, ௨௰௩, அதாவது 23. பத்தின் குறி எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ௰௨ என்றால் 12, ௨௰ என்றால் 20. அவசரத்தில் இவற்றை மாற்றி எழுதியதால் எட்டு ஏடு தள்ளிப்போன குறிப்புகள் எனக்குத் தெரியும்.

முதல் ஏட்டில் இன்னொரு குழப்பம் வரும். மேலே போடும் பிள்ளையார் சுழியும் உ போலவே இருக்கும். அதை ௨ என்று படித்தால் “முதல் ஏடு தொலைந்துவிட்டது, சுவடி இரண்டாம் ஏட்டில் தொடங்குகிறது” என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். அடுத்த ஏட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கே ௩ இருந்தால் நீங்கள் பார்த்தது எண். ௨ இருந்தால் நீங்கள் பார்த்தது சுழி.

சரி, சுவடியில் உள்ள எண்ணை எழுதுவதா, நாம் மேலிருந்து எண்ணிய எண்ணை எழுதுவதா? இரண்டையும் எழுதுங்கள், எது எதென்று சொல்லுங்கள். சுவடியில் உள்ள எண் நூலுக்கு உரியது. ஏடு இடம் மாறினாலும் அது மாறாது. எண்ணிய எண் கட்டுக்கு உரியது. படிப்பவர் கட்டைப் பிடித்து நேரே அந்த இடத்துக்குப் போக உதவுகிறது. என் வைத்திய ஏட்டைக் கணக்கிட்டால், எழுத்தில்லாத ஏடு ஒன்று, நிகண்டின் 42, அப்புறம் பன்னிரண்டு. ஆக அது கட்டின் 55ஆம் ஏடு.

எண்ணே இல்லாத ஏடானால் நீங்கள் எண்ணிய எண்ணைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். நெல் கணக்கின் முதல் ஏடு “ஏடு [68]” ஆகும். சதுர அடைப்பு என்றால் “இது சுவடியில் இல்லை, நான் சேர்த்தது” என்று பொருள். கட்டுரை முழுவதும் அந்தப் பொருளில் மட்டுமே அதைப் பயன்படுத்துங்கள்.

பக்கமும் வரியும்

ஓர் ஏட்டுக்கு இரண்டு பக்கம். ஏட்டு எண் உள்ள பக்கத்தை முன்பக்கம் என்று கொள்வது வசதி. எண் இல்லாவிட்டால் வாசகம் எந்தப் பக்கத்தில் தொடங்கி எந்தப் பக்கத்துக்குத் தொடர்கிறது என்று படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சிலர் பக்கத்தை அ, ஆ என்று குறிக்கிறார்கள். தமிழ் எண்களையும் சேர்த்து எழுதும் கட்டுரையில் அதை நான் தவிர்ப்பேன், அ என்பது ௮ போலத் தெரியும் என்பதால். “மு”, “பி” என்று எழுதினால் யாருக்கும் குழப்பமில்லை: 12மு, 12பி.

வரியை மேலிருந்து எண்ணுங்கள். துளையைச் சுற்றி எழுத்தாணிக்காரர் இடம் விட்டிருப்பார். அதனால் ஒரு வரி இரண்டு மூன்று துண்டாகத் தெரியும். அது நெடுக்காகப் பத்தி பிரித்து எழுதியது இல்லை. துளையைத் தாண்டி வலப்பக்க ஓரம் வரை ஒரே வரிதான். கணக்கு ஏடுகளில் மட்டும் உண்மையாகவே பத்தி பிரித்திருப்பார்கள், அங்கே பத்தி எண்ணையும் சேர்க்க வேண்டும். ஏடு முறிந்திருந்தாலோ பூச்சி அரித்திருந்தாலோ அதையும் ஒரு சொல்லில் குறித்துவிடுங்கள். “வலப்பக்கம் முறிந்தது” என்று எழுதினால், அடுத்த முறை பார்ப்பவர் உங்கள் வாசகம் ஏன் பாதியில் நிற்கிறது என்று தெரிந்துகொள்வார்.

வாசகத்தை மேற்கோளாகக் கொடுக்கும்போது இன்னொரு பொறுப்பும் உண்டு. பழைய ஓலைகளில் பொதுவாகப் புள்ளி இருக்காது. காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். எகர ஏகார வேறுபாடும், ஒகர ஓகார வேறுபாடும் தெரியாது. நீங்கள் புள்ளி வைத்து, கால் பிரித்துக் கொடுக்கும் ஒவ்வொரு வரியும் உங்கள் வாசிப்பு. அதனால் முதல் அடிக்குறிப்பிலேயே “புள்ளியும் நெடிலும் என் சேர்க்கை” என்று ஒரு முறை சொல்லிவிட்டு, பொருள் மாறக்கூடிய இடங்களில் மட்டும் ஏட்டில் உள்ள வடிவத்தையும் கொடுங்கள்.

பெயர் இல்லாத நூலுக்குப் பெயர்

ஏட்டிலேயே நூலின் பெயர் எழுதியிருந்தால் அதே எழுத்தோடு மேற்கோள் குறிக்குள் போடுங்கள். அட்டவணை கொடுத்த பெயரானால் “அட்டவணையில்” என்று சேருங்கள். இரண்டும் இல்லாமல் நீங்கள் பொருளைப் பார்த்து வைத்த பெயரானால் சதுர அடைப்பு. இந்த மூன்றையும் பிரிக்காமல் எழுதினால், நீங்கள் வசதிக்காக வைத்த பெயர் இன்னொருவர் கட்டுரையில் நூலின் உண்மைப் பெயராகவே ஆகிவிடும். இல்லாத ஒரு நூல் இலக்கிய வரலாற்றில் நுழைவது இப்படித்தான்.

இவ்வளவும் சேர்த்தால் என் பழைய அடிக்குறிப்பு இப்படி ஆகிறது:

நூலகத்தின் முழுப்பெயர், ஊர், ஓலைச்சுவடித் தொகுப்பு, கட்டு 412 (அட்டவணையில் “நிகண்டு”), நூல் 2, [வைத்திய நூல்], ஏடு ௰௨ (12), பின்பக்கம், வரி 4, கட்டின் 55ஆம் ஏடு.

நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சுவடிக்கு ஒரு முறைதான் இப்படி முழுதாக எழுத வேண்டும். அங்கேயே “இனி: வை.சு.” என்று சொல்லிவிட்டால், அடுத்த முறை “வை.சு., 14மு:2” போதும். பல சுவடிகளைப் பயன்படுத்தினால் இந்தச் சுருக்கங்களைக் கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு பட்டியலாகப் போட்டுவிடுங்கள். “மேற்படி” என்று எழுதுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இடையில் ஓர் அடிக்குறிப்பு சேர்ந்தாலே அது வேறு சுவடியைச் சுட்டத் தொடங்கிவிடும்.

தாள் ஆவணத்தில் கோப்பும் உள்ளிருக்கும் கடிதமும்

காப்பகத்தில் தாள் ஆவணத்துக்கும் இதே படிகள்தான், வரிசை மட்டும் தலைகீழ். ஆனால் அங்கே ஒன்றுக்குள் ஒன்றாக ஆவணங்கள் இருக்கும். ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம், எண்ணும் நாளும் நான் வைத்தவை. ஊரார் சிலர் ஏரிப் பாசனம் பற்றி எழுதிய மனு ஒன்று உங்களுக்குக் கிடைக்கிறது. அது தனித்தாளாக இல்லை. 1897 ஜூலை 21 தேதியிட்ட ஓர் அரசாணைக் கோப்பின் உள்ளே இணைப்பாக இருக்கிறது.

இப்போது நீங்கள் “அரசாணை எண் 640, 1897” என்று மட்டும் எழுதினால் இரண்டு தவறு நடக்கிறது. ஒன்று, துறை இல்லை. துறைக்குத் துறை தனித்தனியாக எண்ணிடும்போது அதே ஆண்டில் அதே எண் வேறு துறையிலும் இருக்கும். எண், துறை, நாள் மூன்றும் சேர்ந்தால்தான் ஓர் அரசாணை அடையாளப்படும். அரசாணையின் வகைக் குறியையும், அதாவது Ms. போன்றவற்றை, எண்ணோடு சேர்த்தே எழுத வேண்டும். இரண்டாவது தவறு அதைவிடப் பெரியது. ஊரார் சொன்னது அரசு சொன்னதாகவும், ஜூலையில் சொன்னதாகவும் ஆகிவிடுகிறது. அதனால் உள்ளிருக்கும் ஆவணத்துக்கு முதலில் அதன் சொந்த விவரத்தைக் கொடுங்கள்: யார், யாருக்கு, எந்த நாள், எந்த ஊர். அப்புறம் “இது உள்ள கோப்பு” என்று அரசாணை விவரம், பிறகு காப்பகம்.

மனுவின் நாளை எடுப்பதிலும் கவனம் வேண்டும். மனுவின் அடியில் “பசலி 1306, துன்முகி வருஷம் மாசி மாதம்” என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பசலி என்ற வருவாய் ஆண்டோடு 590ஐக் கூட்டினால் 1896 வருகிறது. பலர் அங்கேயே நிறுத்தி 1896 என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்தில் பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிந்தது. பசலி 1306 என்றால் 1896 ஜூலை முதல் 1897 ஜூன் வரை. மாசி மாதம் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை வருவதால், மனு 1897ஐச் சேர்ந்தது. துன்முகி என்ற பெயர் தனியாக இதைச் சொல்லாது, அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப வரும் பெயர் அது. 1836ஆம் ஆண்டிலும் துன்முகி தொடங்கியது. பசலியும் வருஷப் பெயரும் ஒன்றையொன்று உறுதி செய்கிறபோது நிம்மதியாக எழுதலாம். அடிக்குறிப்பில் மூலத்தில் உள்ள நாளை முதலில் கொடுத்து, நீங்கள் மாற்றிய நாளைச் சதுர அடைப்பில் கொடுங்கள். மாற்றியதில் பிழை இருந்தால் மற்றவர் திருத்த அது ஒன்றே வழி.

அப்போது குறிப்பு இப்படி அமையும்:

ஊரார் மனு, மாவட்ட ஆட்சியருக்கு, பசலி 1306 துன்முகி மாசி [1897 பிப்ரவரி–மார்ச்]. அரசாணை எண் 640, வருவாய்த் துறை, 21 ஜூலை 1897, இணைப்பு 2. காப்பகத்தின் பெயர், ஊர்.

தமிழ் ஆவணங்களில் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵ என்ற குறிகள் வரும். அவற்றைச் சொல்லாக விரித்து எழுதலாம், அதற்கு அடைப்பு தேவையில்லை.

தனியார் கடிதத் தொகுப்புகளில் பெட்டி, அதற்குள் கோப்புறை என்று வரும். “பெட்டி 3, கோப்புறை 11” என்பதோடு கோப்புறையின் மேல் எழுதியிருக்கும் தலைப்பையும் சேர்த்துவிடுங்கள். மறுபடி அடுக்கும்போது எண் மாறினாலும் தலைப்பை வைத்துத் தேடிப் பிடிக்கலாம். கோப்புறைக்குள் உள்ள தாள்களுக்குப் பெரும்பாலும் எண் இருக்காது. “எட்டாவது தாள்” என்று எழுதாதீர்கள். ஒருவர் எடுத்துப் பார்த்து வைத்ததும் எட்டாவது ஒன்பதாவதாகிவிடும். எழுதியவர், பெறுபவர், நாள் ஆகிய மூன்றும்தான் அந்தத் தாளின் அடையாளம். நாள் இல்லாவிட்டால் “நாள் இல்லை” என்று எழுதி, கடிதத்தின் முதல் சில சொற்களைக் கொடுங்கள்.

படத்தைப் பார்த்து எழுதும்போது

இப்போது பலரும் மூலத்தைத் தொடுவதே இல்லை, எண்ணிமப் படத்தைத்தான் பார்க்கிறோம். சுவடியின் உடம்புக்கு அது நல்லதுதான். ஆனால் பட எண் ஏட்டு எண் ஆகாது. என் கட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கு ஒரு படம், மேல்சட்டத்தின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு படம், பிறகு ஏட்டுக்கு இரண்டு படம் என்று எடுத்தால், கட்டின் 55ஆம் ஏட்டின் பின்பக்கம் 113ஆம் படத்தில் வரும். ஏடு 12 என்று நூல் சொல்கிறது, 55 என்று கட்டு சொல்கிறது, 113 என்று கணினி சொல்கிறது. மூன்றில் முதல் இரண்டும் ஓலையைப் பற்றியவை. மூன்றாவது, எடுத்த படத் தொகுதியைப் பற்றியது. மறுபடி படம் எடுத்தால் அது மாறிவிடும். ஆகவே ஏட்டு விவரம் முழுதும் முதலில், அதன் பின் “எண்ணிமப் படம் 113” என்று சேர்த்து, எந்தத் தளத்தில் எந்த நாளில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். நிலையான முகவரி ஒன்றைத் தளமே கொடுத்தால் அதைப் பயன்படுத்துங்கள், உலாவியின் மேலே தெரியும் நீண்ட முகவரியை வேண்டாம்.

மூலத்தைப் பார்க்காமல் படத்தையோ தாள்படியையோ மட்டும் பார்த்திருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். தாள்படி எடுத்தவர் ஒரு வரியை விட்டிருக்கலாம், எழுத்தைத் திருத்தியிருக்கலாம். படியைப் பார்த்துவிட்டு மூல ஓலையின் எண்ணை மட்டும் கொடுப்பது, பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வது. “ஓலையின் எண் இது, நான் பயன்படுத்தியது இன்ன எண்ணுள்ள தாள்படி” என்று இரண்டையும் எழுதுவதில் எந்தக் குறைவும் இல்லை.

எண்ணே இல்லாத வீட்டுச் சுவடி

கடைசியாக, நூலகத்துக்குப் போகாமல் வீடுகளில் இருக்கும் சுவடிகள். இவற்றுக்குத் தொகுப்பும் இல்லை, எண்ணும் இல்லை. முதலில் உரிமையாளரிடம் பேசி, பெயரையும் ஊரையும் வெளியிடலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் “தனியார் வசம்” என்று மட்டும் போட்டு, மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டு முகவரியை அச்சில் கொடுப்பது சுவடி வியாபாரிக்கு வழி காட்டுவதாகும்.

முகவரி கொடுக்க முடியாத இடத்தில் சுவடியின் அங்க அடையாளத்தைக் கொடுக்க வேண்டும். ஏடுகள் எத்தனை, நீளமும் அகலமும் எத்தனை சென்டிமீட்டர், துளை எத்தனை, பக்கத்துக்கு எத்தனை வரி, சட்டம் உண்டா இல்லையா, முதல் ஏட்டின் முதல் வரி, கடைசி ஏட்டின் கடைசி வரி. இவற்றோடு “த.1” என்று நீங்களே ஒரு எண் வைத்து, பார்த்த ஆண்டையும் எழுதுங்கள். அந்த எண்ணை ஓலையில் எழுதிவிடாதீர்கள். உரிமையாளர் சம்மதித்தால் ஒரு தனித்தாளில் எழுதிக் கட்டோடு வைக்கலாம்.

இந்த விவரங்களில் முதல் வரியும் கடைசி வரியும்தான் அதிகம் உதவுபவை. நாளைக்கு அந்தச் சுவடி ஒரு நூலகத்துக்குப் போய்ப் புதிய எண் பெற்றாலும், அட்டவணையில் அச்சாகும் தொடக்கமும் முடிவும் உங்கள் அடிக்குறிப்பில் உள்ளவற்றோடு பொருந்தினால், இரண்டும் ஒன்றே என்று அடுத்தவர் கண்டுபிடித்துவிடுவார்.